ஊரும் உறவும் – 14: கேத வீட்டில் ஒரு கைபேசி

2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி தேசமெங்கும் ஊரடங்கு அமலாகி, சவ அடக்கத்துக்கு 20 பேருக்கு மேல் கூடலாகாதென்று விதியும் பிறந்து, குமுளியிலும் கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் வழி அடைபட்டபோது, இடுக்கி ஏலத்தோட்டங்களில் இருந்த நம் ஜனங்கள், மலைமேல் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற சொந்த ஊருக்கு ஒரு கேதத்துக்குக்கூட இறங்கிவர இயலாமல் தவித்தார்கள். அன்று வேறு கதியின்றிக் கையிலெடுத்த காணொளி அழைப்பு, வழி திறந்த பின்னும் கம்பம் பள்ளத்தாக்கின் கேத வீடுகளில் தங்கிவிட்டது. ஆனால் அதற்குரிய ஆசாரம் இன்னும் முழுதாக உருவாகவில்லை என்பதை, சின்னமனூருக்கு அருகே என் பெரியம்மா காலமான தினத்தில் கண்டேன்.

பெரியம்மாவின் மகள் குவைத்தில்; பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டிய தம்பி மகன் சிங்கப்பூரில். மரணச் செய்தியைக் குரலால் சொல்லி, கேட்டவர் பக்கத்தில் ஒரு துணை இருப்பதை உறுதிசெய்துகொண்ட பிறகே முகத்தைக் காட்டவேண்டும் என்ற விவேகம் எங்களிடம் இருந்தது. நேரத்தைப் பற்றிய விவேகம் இல்லை. வீட்டுப் பிள்ளை ஒருவன் காலை 10 மணிக்கே எல்லோரையும் அழைத்து, கைபேசியை ஒரு நாற்காலியில் சார்த்திவைத்துவிட்டுப் பந்தல் வேலைக்குப் போய்விட்டான். ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் பந்தல் விளக்கு பிரதிபலித்ததால், குவைத்தில் இருந்தவள் கண்டது தாயின் முகமன்று, ஒரு வெள்ளை வெளிச்சமே. கட்டணமில்லாத அந்தச் செயலி 40 நிமிஷத்தில் தானாகவே துண்டித்துக்கொண்டது.

பங்காளிகளில் மூத்த சித்தப்பா அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தார். கொள்ளி வைப்பவனுக்கும் அவன் உடன்பிறந்தாருக்கும் இந்தக் கைபேசி சம்மதந்தானா என்று முதலில் கேட்டார். சடங்கில் கை வைக்கவேண்டாத ஒரு பேரனிடம் அதை ஒப்படைத்து, பெட்டியின் பக்கவாட்டில் சாய்வாகப் பிடிக்கச் சொன்னார். எடுப்பது 4 மணிக்கு. நீர்மாலை திரும்பும் 3.30-க்குத் திறந்தால் போதும். குவைத்தில் அது பகல் 1 மணி, சிங்கப்பூரில் மாலை 6 மணி என்று அவரவர் ஊர்க் கணக்கிலேயே சொல்லியனுப்பினார். மகளுக்கு மாத்திரம் 3 மணிக்கே தனி அழைப்பு.

அந்தத் தனி அழைப்புக்குக் காரணம் உண்டு. ஒப்பாரியில் ஒருத்தி அடியெடுக்க மற்றவர்கள் அதை ஏந்திக்கொள்வார்கள். கைபேசி வழியே வரும் குரலோ சற்றே பிந்தி வருவதால், தொலைவிலிருப்பவள் கூடப் பாடினால் இரு பக்கமும் தாளம் குலைந்து, அழுகை நடுவில் நின்று ஒருவரையொருவர் காத்திருக்கும்படி ஆகிவிடும். ஆகையால் கொட்டுக்காரர்கள் ஓய்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் பெண்களெல்லாம் மௌனமாயிருக்க, மகள் தனியே தன் தாயை அழைத்து அழுதாள். பிறகு அவள் பக்கத்து ஒலியை அடைத்துக்கொண்டாள். மற்ற உறவினரும் அவ்வாறே செய்தார்கள்.

நீர்மாலை வந்தது. கோடியைப் பங்காளி ஒருவர் கையில் வாங்கி, "இது சிங்கப்பூர்த் தம்பி போடுற கோடி" என்று சபையறியச் சொல்லிப் போர்த்தினார். சொல்லாமல் போர்த்தியிருந்தால் அவன் வெறும் பார்வையாளனாக நின்றிருப்பான். மகளுக்காக அவள் நாத்தனார் ஒரு பிடி வாய்க்கரிசி கூடுதலாக இட்டாள்.

தொலைவில் இருப்பவர் கடைப்பிடிக்கவேண்டியவை, நேரில் வருபவருக்கு உள்ளவையே: பயணத்தின் நடுவிலோ உணவு மேஜையிலோ அமர்ந்து திறக்கலாகாது, என்ன வியாதி, யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற விசாரணையை அப்போது எழுப்பலாகாது, இறந்தவரின் முகத்தைத் திரையிலிருந்து படமாகப் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பலாகாது. கேத வீட்டில் "போய்ட்டு வரேன்" என்று சொல்லும் வழக்கம் நமக்கில்லை. ஆகவே கையசைத்து விடைபெறாமல், சத்தமின்றித் துண்டித்துக்கொள்வதே மரியாதை.

தெருமுனை வந்தது. பெண்கள் திரும்பும் இடம் அது. பேரன் கைபேசியோடு மயானத்தை நோக்கி நடக்க, "அதுக்குள்ள உங்க அத்தை இருக்காள்லடா?" என்று சித்தப்பா கேட்டார். வழி நெடுகப் பார்க்கவேண்டுமா, இங்கேயே நிற்கட்டுமா என்று அவளையே கேட்கும்படி பேரனுக்குச் சொன்னார். மற்றப் பெண்களோடு திரும்பிவிடுகிறேன் என்றாள். பேரன் அவளை வீட்டுத் திண்ணைக்குத் திருப்பிக் கொண்டுவந்தான். நாத்தனார் வழக்கப்படி கேட்டாள்: "தலை முழுகிட்டியா?" "இனிமேதான் மதினி," என்று குவைத்தின் நடுப்பகலிலிருந்து பதில் வந்தது, அதோடு திரை அணைந்தது.

(தொடரும்)