மாலை எத்தனை மணிக்கு அழைத்துச் செல்வது?

பள்ளி நேரம் மாறும்போது தலைமை ஆசிரியர் பெற்றோருக்கு அனுப்பும் சுற்றறிக்கை பெரும்பாலும் அரைப் பக்கத்தைத் தாண்டாது. ஆனால் அந்த அரைப் பக்கத்தில் தெளிவு இல்லாவிட்டால் முதலில் அலைக்கழிவது ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் குழந்தைகள்தாம். சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியிலிருந்து போன சுற்றறிக்கை ஒன்று என் கைக்கு வந்தது. அதன் முக்கிய வாக்கியம் இது:

“மேற்காண் பொருள் தொடர்பாக, வரும் திங்கள் முதல் பள்ளி வேலைநேரம் அரை மணி நேரம் முன்னதாக மாற்றியமைக்கப்பட்டுள்ளது என்பதையும், மாணவர்கள் உரிய நேரத்திற்குள் வருகை புரிவதைப் பெற்றோர்கள் உறுதி செய்ய வேண்டும் என்பதையும், இம்மாற்றம் மறு உத்தரவு வரும் வரை நடைமுறையில் இருக்கும் என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.”

நம் அலுவலக நடையில் இதில் ஒரு குறையும் இல்லை. கோப்பில் வைத்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் இதைப் படித்த பெற்றோருக்குத் தெரியாமல் போனது என்ன என்று பாருங்கள். “முன்னதாக” என்றால் காலையில் மட்டும் முன்னதாகவா, மாலையிலும் முன்னதாகவா? காலையில் சீக்கிரம் தொடங்கி, வழக்கம்போல 4.15 மணிக்கே விடுவார்கள் என்று பாதிப் பேர் நினைத்தார்கள். பள்ளியோ 3.45 மணிக்கே விட்டுவிட்டது. விசைத்தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு தாய் எப்போதும்போல 4.15 மணிக்கு வந்தார். மூன்றாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் அரை மணி நேரம் வாசல் வேப்பமரத்தடியில் தனியாக நின்றிருக்கிறாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அரை மணி நேரத்தில் அந்தக் குழந்தை யாருடைய பொறுப்பிலும் இல்லை.

நேர மாற்றம் என்றதும் நம் மனம் காலை மணி அடிப்பதைத்தான் நினைக்கிறது. வருகைப்பதிவும் இறைவணக்கக் கூட்டமும் காலையில் இருப்பதால் அது இயல்புதான். ஆனால் காலையில் ஒரு குழந்தை தாமதமாக வந்தால் இழப்பது ஒரு பாடவேளை. மாலையில் பெற்றோர் தாமதமாக வந்தால் குழந்தை சாலையோரம் நிற்கிறது. ஆகவே சுற்றறிக்கையில் முதலில் சரிபார்க்க வேண்டியது பள்ளி விடும் நேரம்தான். அதைக் கழித்துக் கண்டுபிடிக்கும் வேலையைப் பெற்றோரிடம் விடக்கூடாது. “அரை மணி நேரம் முன்னதாக” என்பது வித்தியாசத்தைச் சொல்கிறதே தவிர நேரத்தைச் சொல்லவில்லை. 9.00 என்றும் 3.45 என்றும் எழுதிவிட்டால் கணக்குப் போட ஒன்றுமில்லை. பக்கத்திலேயே பழைய நேரத்தையும் எழுதினால் இன்னும் நல்லது. பழைய நேரத்தைப் பார்த்தவுடன்தான் “ஓ, இது மாறுகிறதா” என்று கவனம் நிற்கிறது.

அடுத்தது நாள். “வரும் திங்கள்” என்பது எழுதியவருக்கு ஒரே ஒரு நாள்தான். வெள்ளிக்கிழமை கொடுத்த தாள் பையிலேயே கிடந்து திங்கள் இரவு வீட்டில் வெளியே வந்தால், அது அதற்கடுத்த வாரத் திங்களாகிவிடுகிறது. கைபேசியில் வரும் செய்தியோ என்றைக்குத் திறக்கப்படும் என்று சொல்லவே முடியாது. “நாளை”, “நாளை மறுநாள்”, “அடுத்த வாரம்” எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தேதி, கிழமை, ஆண்டு மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும். தேதியோடு கிழமையையும் எழுதுவதில் இன்னொரு வசதி உண்டு. தேதி தவறாகத் தட்டச்சாகிவிட்டால் கிழமை பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும். கையெழுத்திடும் முன் நாட்காட்டியை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆண்டு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். 2023 ஜூன் மாதம் நினைவிருக்கலாம். கோடை விடுமுறைக்குப் பின் 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 1 அன்று பள்ளி திறக்கும் என்று முதலில் அறிவிப்பு வந்தது. வெயில் தணியாததால் அது ஜூன் 7 ஆனது, பிறகு ஜூன் 12 ஆனது. 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று முடிவானது. பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாத் தேதிகளும் படங்களாக ஒரே நேரத்தில் உலவின. எது கடைசியாக வந்தது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அனுப்பிய நாளும் ஆண்டும் தாளின் மேலேயே பெரிதாக இருந்தால் பழைய படம் பழையது என்று தானே சொல்லிவிடும். முந்தைய அறிவிப்பை மாற்றும் சுற்றறிக்கை என்றால், எந்தத் தேதியிட்ட அறிவிப்பு இனிச் செல்லாது என்பதையும் ஒரு வரியில் சேர்க்க வேண்டும்.

நம் பேச்சில் நேரம் சொல்லும் முறையும் கொஞ்சம் கவனிக்கத்தக்கது. வீட்டில் பாட்டி, தாத்தாவிடம் பிள்ளையே தாளை வாசித்துக் காட்டும். 8.45 என்பதை “எட்டு புள்ளி நாலு அஞ்சு” என்று வாசிக்கும் பிள்ளைகள் உண்டு. பாட்டிக்கு அது புரியாது. “எட்டே முக்கால்” என்றால் புரியும். எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்திலும் எழுதுவது அதற்காகத்தான். 9.05 என்பதை 9.5 என்று எழுதினால் சிலர் ஒன்பதரை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தேதியில் “வரை” என்ற சொல்லும் இப்படித்தான். “ஆகஸ்ட் 1 வரை” என்றால் 1ஆம் தேதி சேருமா, சேராதா? புதிய நேரத்தின் கடைசி நாள் எது, பழைய நேரம் மறுபடி தொடங்கும் நாள் எது என்று இரண்டையும் எழுதிவிட்டால் இந்தச் சந்தேகம் எழாது. “மறு உத்தரவு வரும் வரை” என்பதை முடிந்த அளவு தவிர்க்கலாம். முடியும் நாள் தெரியாவிட்டால், “எப்போது மாறும் என்பதை மூன்று நாள் முன்னதாக இதேபோல் தாளில் தெரிவிப்போம்” என்று எழுதுவது நேர்மையாக இருக்கும்.

மேலே சொன்ன சுற்றறிக்கையையே நான் மாற்றி எழுதிப் பார்த்தேன். தேதிகள் மாதிரிக்காக இட்டவை.

பெற்றோருக்குச் சுற்றறிக்கை
அனுப்பும் நாள்: 02.07.2025, புதன்கிழமை

பள்ளி நேரம் 07.07.2025 திங்கள்கிழமை முதல் மாறுகிறது.
1 முதல் 8 வரை எல்லா வகுப்புகளுக்கும் இது பொருந்தும்.

பள்ளி தொடங்கும் நேரம்: காலை 9.00 (ஒன்பது மணி). இதுவரை 9.30.
பள்ளி விடும் நேரம்: மாலை 3.45 (மூன்றே முக்கால்). இதுவரை 4.15.
1 முதல் 5 வகுப்புகளுக்குக் காலை உணவு: 8.15 (எட்டே கால்) முதல். இதுவரை 8.45.

புதிய நேரத்தின் கடைசி நாள் 01.08.2025 வெள்ளிக்கிழமை. 04.08.2025 திங்கள்கிழமை முதல் பழைய நேரம்.

காரணம்: பாலம் வேலை நடப்பதால் மாலைப் பேருந்து 4.00 மணிக்கே நம் ஊரிலிருந்து புறப்படுகிறது.

3.45 மணிக்கு அழைக்க வர முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் 4.15 மணி வரை பள்ளிக்குள்ளேயே ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருப்பார்கள்.

தலைமை ஆசிரியர் (கையொப்பம், பள்ளித் தொலைபேசி எண்)

இதில் ஆணை எண்ணும் பார்வையும் இல்லையே என்று கேட்கலாம். உரிய அலுவலரின் அனுமதி பெற்றுத்தான் நேரத்தை மாற்றுகிறோம். அந்த விவரம் கோப்பில் இருக்க வேண்டும். பெற்றோர் தாளில் வேண்டுமானால் கையொப்பத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கட்டும். முதல் வரியின் இடம் அதற்கு உரியது அல்ல. “தெரிவித்துக்கொள்ளப்படுகிறது” என்ற வினைமுற்றையும் விட்டுவிட்டேன். யார், யாருக்கு, என்ன சொல்கிறார் என்பது அந்தச் சொல்லுக்குள் காணாமல் போய்விடுகிறது.

காலை உணவு வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதன்பின் சிறு வகுப்புக் குழந்தைகளுக்குப் பள்ளி நேரம் என்பது சாப்பாட்டு நேரத்திலிருந்தே தொடங்குகிறது. விடியும் முன்பே மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போகும் தாய்மார், பள்ளியில் சாப்பாடு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் கிளம்புகிறார்கள். பழைய 8.45 கணக்கில் வரும் குழந்தை, புதிய நேரத்தில் அவசரமாக விழுங்கிவிட்டு ஓடும், அல்லது வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்காரும். சமையல் பொறுப்பாளர்களிடம் முதலில் பேசி, அவர்களால் முடியும் என்று உறுதியான பிறகே அந்த வரியை எழுத வேண்டும். பேருந்தும் அப்படித்தான். பேருந்து நிலையத்தில் நேரத்தை விசாரித்துக்கொண்ட பிறகு பள்ளி நேரத்தை முடிவு செய்யலாம். முடிவு செய்துவிட்டுப் பேருந்தைத் தேடினால் இரண்டாவது சுற்றறிக்கை அனுப்ப நேரிடும்.

தாள் போய்ச் சேர்ந்ததா என்பது ஒரு கேள்வி, புரிந்ததா என்பது வேறு கேள்வி. “படித்துப் பார்த்தேன்” என்று கையொப்பம் கேட்கும் ஒப்புகைச் சீட்டு முதல் கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். சில வேளைகளில் அதுவும் சொல்லாது, பிள்ளையே கையொப்பமிட்டுக் கொண்டுவந்துவிடும். நான் என் வகுப்பில் சீட்டின் வாசகத்தை மாற்றினேன்: “திங்கள்கிழமை மாலை என் பிள்ளையை அழைத்துச் செல்பவர் ________. வரும் நேரம் ________.” இதில் பழைய நேரத்தை எழுதியிருந்தால் அந்த வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை என்று உடனே தெரிந்துவிடும். முதல் முறை ஐந்தாறு சீட்டுகளில் பழைய நேரம்தான் இருந்தது. ஒன்றில் அழைத்துச் செல்பவர் என்ற இடத்தில் “அண்ணன், நாலாம் வகுப்பு” என்று எழுதியிருந்தது. அந்த வீடுகளுக்கு மட்டும் தொலைபேசியில் பேசினால் போதும். புதன்கிழமை தாள் கொடுத்தால் வெள்ளிக்குள் இந்த வேலை முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை கொடுத்தால் முடியாது.

வெளியூரில் வேலைக்குப் போயிருக்கும் தந்தையிடம்தான் சில வீடுகளில் கைபேசி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் குறி விழுந்தாலும் வீட்டில் இருக்கும் பாட்டிக்குச் செய்தி போனதாக ஆகாது. எனவே தாளும் வேண்டும், பள்ளி வாசலில் பெரிய எழுத்தில் ஒட்டிய ஒரு பிரதியும் வேண்டும். இறைவணக்கக் கூட்டத்தில் அறிவித்துவிட்டு, வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகளை எழுப்பி “திங்கள்கிழமை எத்தனை மணிக்கு விடுவோம்?” என்று கேட்டுப் பார்க்கலாம்.

ஆடித்தபசு உள்ளூர் விடுமுறைக்கு ஈடாகச் சனிக்கிழமை பள்ளி வைக்கும்போதும் இதே மாதிரித் தாள் போதும். அந்தச் சனிக்கிழமை முழு நாளா, எத்தனை மணிக்கு விடும், மதிய உணவு உண்டா, எந்தக் கிழமையின் பாடவேளை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். சனிக்கிழமை என்றாலே அரை நாள் என்று நினைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

பழைய நேரத்துக்குத் திரும்பும் நாளுக்கும் தனியாக ஒரு தாள் அனுப்ப வேண்டும். மேலே உள்ள மாதிரியில் அது 30.07.2025 புதன்கிழமை போக வேண்டியது. ஒரு மாதத்துக்கு முன் கொடுத்த தாள் யார் வீட்டிலும் இருக்காது. அந்தத் திங்கள்கிழமை சில குழந்தைகள் புதிய நேரப் பழக்கத்திலேயே எட்டு மணிக்கு வந்து பூட்டிய வாசலில் நிற்பார்கள். அந்த ஒரு வாரம் வாயில் சாவி வைத்திருப்பவர் எட்டு மணிக்கே வந்து திறந்துவிடும்படி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.