கடற்கரையில் கேமரா: சம்மதம் இரண்டு முறை

மெரினாவில் ஒரு குடும்பம் அலையில் நனைவதை வீடியோ எடுப்பதற்கு இந்தியாவில் பொதுவான தடை இல்லை. ஆனால் இடம் பொது என்பதால் அங்கிருக்கும் உடலும் பொது ஆகிவிடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் படம்பிடிப்பதையும் பரப்புவதையும் பொது இடத்திலும் குற்றமாக்குகிறது. உள்ளாடை மட்டும் மறைத்திருந்தாலும் அது பொருந்தும். தண்டனை 3 ஆண்டு வரை சிறை.

எடுக்கச் சம்மதித்தவர் வெளியிடவும் சம்மதித்தார் என்று கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. அக்கா சிரித்துக்கொண்டே போஸ் கொடுத்தது குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்காக. யூடியூபுக்கு அவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவும், பெண்ணின் அந்தரங்கக் காட்சிகளில் இவ்விரு சம்மதங்களையும் பிரித்தே பார்க்கிறது.

ஆகவே பதிவேற்றும் முன் வெட்டிய வீடியோவையே அக்காவிடம் காட்டி, எங்கே வெளியாகும் என்று சொல்லிக் கேட்பது முறை. பின்னணியில் அடையாளம் தெரியும் அந்நியரை, குறிப்பாகக் குழந்தையை, மங்கலாக்கலாம் அல்லது வெட்டிவிடலாம். முகத்தைத் திருப்பிக்கொள்பவர் மறுத்துவிட்டார் என்றே கொள்ள வேண்டும். பிறகு மனம் மாறினால் வீடியோவை நீக்கலாம்; பிறர் இறக்கி வைத்த பிரதிகளை நீக்குவது கடினம்.