போட்டோவில் சுருங்கிய சென்டிமீட்டர்: ஒரு லென்ஸ், இரண்டு படங்கள், ஒரு பின்னல் ஊசி

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு மெயில். பி.எஸ்சி. இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கிற ஒரு தோழி அனுப்பியது. குவிலென்ஸின் குவியத் தூரத்தைக் கண்டுபிடிக்கிற சோதனை. லேப்ல நேரம் கம்மி, பெஞ்ச் ஒண்ணு, குழு நாலு. அதனால அவங்க குழு ஒரு வேலை பண்ணியிருக்காங்க. பிம்பம் தெளிவா விழுந்ததும் ஆப்டிகல் பெஞ்சைப் பக்கவாட்டிலிருந்து போனில் ஒரு போட்டோ. லென்ஸை நகர்த்தி அடுத்த பிம்பம் கிடைச்சதும் இன்னொரு போட்டோ. அளவுகளை வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பெரிதாக்கிப் படிச்சுக்கலாம்னு திட்டம்.

லென்ஸ் பாக்கெட்டில் 15 செ.மீ. என்று போட்டிருக்கு. இவங்களுக்கு வந்தது 14.6. ரெண்டு நிலையிலும் அதே 14.6. அவங்க கேள்வி இதுதான்: "ரெண்டும் இவ்வளவு அழகா ஒத்துப்போகுதே, அப்போ பாக்கெட்டில் இருக்கிறதுதானே தப்பு? ரெக்கார்டுல அப்படியே எழுதிடலாமா?"

எழுதக் கூடாதுன்னு நான் பதில் அனுப்பினேன். ஏன்னு இப்போ விரிவாச் சொல்றேன்.

முதல்ல அமைப்பைக் கண் முன்னாடி கொண்டுவருவோம். ஒரு மீட்டர் நீளத் தண்டவாளம் மாதிரி ஒரு பெஞ்ச். அதோட முன் முகத்தில் சென்டிமீட்டர் அளவுகோல் ஒட்டியிருக்கு. ஒரு முனைப் பக்கம் எல்இடி விளக்கு, அதுக்கு முன்னாடி அம்புக்குறி வெட்டிய அட்டை. இந்த அம்புதான் நம்ம பொருள். இன்னொரு பக்கம் வெள்ளைத் திரை. நடுவில் நகர்கிற ஸ்டாண்டில் லென்ஸ். அளவுகோலின் 50-ஆவது கோட்டுக்கு நேர் எதிரே, 2 மீட்டர் தள்ளி, டிரைபாடில் போன்.

பொருளையும் திரையையும் நகர்த்தவே இல்லை. லென்ஸ் மட்டும்தான் நகர்ந்தது. பொருளுக்கும் திரைக்கும் உள்ள தூரம் குவியத் தூரத்தைப் போல நாலு மடங்குக்கு மேல் இருந்தால், லென்ஸை ரெண்டு இடத்தில் வைத்துத் தெளிவான பிம்பம் பெற முடியும். பொருளுக்குப் பக்கத்தில் வைத்தால் பெரிய பிம்பம், திரைக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னப் பிம்பம்.

படத்தில் அவங்க படிச்ச எண்கள் இவை. அம்பு 11.0-க்கு நேராகத் தெரியுது. திரை 89.0. லென்ஸின் நடு முதல் படத்தில் 30.5, இரண்டாவது படத்தில் 69.5.

இதிலிருந்து பொருள் – திரை தூரம் D = 78.0 செ.மீ. லென்ஸ் நகர்ந்த தூரம் d = 39.0 செ.மீ. இந்த ரெண்டு எண் மட்டும் போதும்:

f = (D² − d²) / 4D

6084-லிருந்து 1521-ஐக் கழித்து, 312-ஆல் வகுத்தால் 14.6 செ.மீ. வழக்கமான u, v வழியிலும் பார்க்கலாம். முதல் நிலையில் u 19.5, v 58.5. பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் அதே 14.6. இரண்டாவது நிலையில் u, v இடம் மாறுது, விடை மாறவில்லை. கணக்கில் ஒரு குறையும் கிடையாது.

லென்ஸ் இடப்பெயர்ச்சியை வைத்துக் கணக்கிடும் இந்த முறைக்கு ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸலின் பெயர். இதோட பலம் என்னன்னு புரிஞ்சுக்கிட்டால்தான் எங்கே கைவிடும்னும் புரியும்.

லென்ஸ் ஸ்டாண்டின் அடியில் ஒரு குறிக்கோடு இருக்கும். அதை வைத்துத்தான் வழக்கமா அளவு படிப்போம். ஆனா அந்தக் கோடு லென்ஸின் நடுவுக்கு நேர் கீழே இருக்கும்னு உத்தரவாதம் இல்லை. 4 மி.மீ. தள்ளி இருக்குன்னு வச்சுக்கலாம். உண்மையான u 20, v 60 என்றால், நாம படிக்கிறது 20.4, 59.6. விடை 15.2. மற்ற நிலையில் 60.4, 19.6. விடை 14.8. ரெண்டும் ஒத்துப்போகாது. அதாவது, இந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துடும். பெஸ்ஸல் முறையில் அதுகூடத் தேவையில்லை. லென்ஸ் எவ்வளவு நகர்ந்ததுன்னு மட்டும்தானே பார்க்கிறோம்? ரெண்டு அளவிலும் அதே 4 மி.மீ. இருப்பதால், கழிக்கும்போது அது காணாமல் போயிடும்.

குவியப்படுத்துவதில் வரும் தடுமாற்றமும் இங்கே சின்னதாகிடும். சின்னப் பிம்பத்தின்போது லென்ஸைக் கொஞ்சம் நகர்த்தினாலும் கண்ணுக்குத் தெளிவாகவே தெரியும். அதனால் d-யில் 4 மி.மீ. தப்பு வருதுன்னு எடுத்துப்போம். இந்த அமைப்பில் f-இல் அது ஒரே ஒரு மி.மீ. தப்பாகத்தான் வரும்.

அப்போ தோழியின் 14.6-க்கு என்ன விளக்கம்? எல்லா நீளமும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்கு. D, d, u, v எல்லாமே. எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்கினால், சூத்திரம் அதை அப்படியே f-க்குக் கடத்திவிடும். குறைக்காது, கழிக்காது, முரண்பாடாகவும் காட்டாது. 1/u-க்கு எதிரே 1/v வரைபடம் போட்டால்கூட நேர்கோடு நேராகவே வரும். நூறு அளவு எடுத்துச் சராசரி பார்த்தாலும் அதே 14.6-தான்.

சுருக்கியது யார்? போன்தான். ஆனா அது போனின் குறையும் இல்லை. ஸ்கேல் பெஞ்சின் முன் முகத்தில் இருக்கு. லென்ஸ், அம்பு, திரை எல்லாம் பெஞ்சின் நடுக்கோட்டில், ஸ்கேலுக்கு 5 செ.மீ. பின்னாடி நிற்குது. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும், இல்லையா? போனிலிருந்து ஸ்கேல் 200 செ.மீ., லென்ஸின் அச்சு 205 செ.மீ. ஆக, பின்னாடி இருக்கிற 1 சென்டிமீட்டர், ஸ்கேலின் மேல் 200/205 சென்டிமீட்டராகத்தான் விழும். அதாவது 0.976. உண்மையான 80 செ.மீ. படத்தில் 78 ஆகிறது இப்படித்தான்.

இதுதான் இடமாறு தோற்றப் பிழை. லேப்ல நேரில் படிக்கும்போது, ஒவ்வொரு கோட்டுக்கும் நேராகக் கண்ணைக் கொண்டுபோய்ப் படிப்போம். போட்டோவில் கண் ஒரே இடத்தில் நின்றுவிடுது. 50-ஆவது கோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அது சாய்வாகத்தான் பார்க்குது. இதில் ஒரு சுவாரசியம் என்னன்னா, இந்த இடமாறு தோற்றத்தைப் பயன்படுத்தி 61 சிக்னி என்ற நட்சத்திரத்தின் தூரத்தை அளந்து 1838-இல் வெளியிட்டவரும் அதே பெஸ்ஸல்தான்.

சரி, நம்ம படத்தில் இந்தப் பிழை இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஒண்ணு, பெஞ்சில் எதையும் தொடாமல் போனை மட்டும் நகர்த்துங்க. 1 மீட்டருக்குக் கொண்டுவந்தால் சுருக்கம் 100/105 ஆகும். இதே லென்ஸுக்கு விடை 14.3 ஆகிவிடும். லென்ஸின் குவியத் தூரம் போன் எங்கே நிற்குது என்பதைப் பொறுத்து மாற வாய்ப்பே இல்லை. அப்போ தப்பு படத்தில்தான்.

இரண்டாவது வழி தப்பைக் காட்டுவதோடு திருத்தவும் செய்யும். நீளம் தெரிந்த ஒரு நேரான குச்சி வேணும். 30 செ.மீ. பின்னல் ஊசி போதும். அதை லென்ஸின் அச்சு இருந்த அதே இடத்தில், பெஞ்சுக்கு இணையாகப் பிடித்து, போன் இருந்த அதே இடத்திலிருந்து ஒரு படம். நம்ம அமைப்பில் ஊசி 29.3 என்று காட்டும். 30-ஐ 29.3-ஆல் வகுத்து, வந்த எண்ணால் 14.625-ஐப் பெருக்குங்க. 15.0 கிடைக்கும். பழைய ரெண்டு படங்களையும் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. டிரைபாடு நின்ற இடம் தெரிஞ்சால் போதும்.

ஊசிக்குப் பதிலா லென்ஸின் விட்டத்தையே அளவாக வச்சுக்கலாமேன்னு தோணும். 5 செ.மீ. விட்டத்தில் 1 மி.மீ. தப்பாப் படிச்சாலே 2 சதவீதம் போச்சு. நாம தேடுற பிழையே அந்த அளவுதான். அதனால குச்சி நீளமா இருக்கணும்.

புதுசா படம் எடுக்கப் போறவங்களுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கு. லென்ஸின் நடுவைப் படிக்காதீங்க. ஸ்டாண்டின் அடியில், ஸ்கேலைத் தொட்டுக்கொண்டு இருக்கிற குறிக்கோட்டைப் படிங்க. அது ஸ்கேலோடு ஒரே தளத்தில் இருப்பதால் சுருக்கம் வராது. லென்ஸின் குறிக்கோடு தள்ளியிருந்தாலும் பெஸ்ஸல் முறை பார்த்துக்கும். ஆனா D-யை அது காப்பாற்றாது. அம்பின் ஸ்டாண்டும் திரையின் ஸ்டாண்டும் ஆளுக்கொரு அளவு தள்ளியிருக்கலாம். அதுக்கும் ஊசிதான் மருந்து. ஊசியின் ஒரு முனை அம்பு அட்டையைத் தொட, மறுமுனை திரையைத் தொட நிறுத்துங்க. குறிக்கோடுகளுக்கு இடையே 30.6 வந்தால், எல்லா D-யிலிருந்தும் 0.6 கழிக்கணும்.

போனைப் பெஞ்சுக்கு நேராக வச்சோமான்னு சந்தேகமா? படத்தில் 5-லிருந்து 15 வரை எத்தனை பிக்சல், 85-லிருந்து 95 வரை எத்தனை பிக்சல்னு பாருங்க. சமமா இல்லைன்னா போன் சாய்ந்திருக்கு. ரெண்டு ஓரமும் சமமா இருந்து, நடுவில் 45-லிருந்து 55 வரை மட்டும் வேறயா இருந்தால், கேமரா லென்ஸ் ஓரங்களை வளைக்குது. குறிக்கோட்டைப் பக்கத்திலேயே இருக்கிற ரெண்டு ஸ்கேல் கோடுகளுக்கு நடுவில் வைத்துப் படிச்சால், இந்த ரெண்டும் பெரிசாப் பாதிக்காது. முழுப் படத்துக்கும் ஒரே பிக்சல் கணக்குப் போட்டால் பாதிக்கும்.

ஒரு எல்லையையும் சொல்லிடறேன். இந்தச் சூத்திரம் லென்ஸுக்குத் தடிமனே இல்லைன்னு நினைக்குது. நடுவில் 6 மி.மீ. தடிமன் உள்ள கண்ணாடி லென்ஸ் என்றால், அதில் ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு, 2 மி.மீ., D-யில் கூடுதலாகச் சேர்ந்துடும். f-இல் அது அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அதனால இந்த அமைப்பில் 15.0-ன்னு எழுதலாம். 14.97-ன்னு எழுதினால் அந்தக் கடைசி இலக்கத்துக்கு அர்த்தம் இல்லை.

ரெக்கார்டில் என்ன எழுதணும்? படத்தில் படிச்ச எண்களை மாற்றாமல் அப்படியே எழுதுங்க. போன் இருந்த தூரத்தை எழுதுங்க. ஊசியின் உண்மை நீளமும் படத்தில் காட்டிய நீளமும் எழுதுங்க. பிறகு திருத்திய விடை. பாக்கெட்டில் 15-ன்னு இருந்ததால் 15-ஐ நம்ப வேண்டாம், லென்ஸ்கள் அச்சிட்ட எண்ணிலிருந்து கொஞ்சம் விலகுவது சகஜம். ஊசியை வைத்துத் திருத்தின பிறகும் 14.7 வந்திருந்தால், அந்த லென்ஸுக்கு 14.7-தான்.