வெறும் வயிற்றுச் சர்க்கரை சொல்லாதது

22 வயதுப் பெண். மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிலக்கு, தாடையில் முடி. மருத்துவர் பிசிஓஎஸ் என்கிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 92, சரியான அளவுதான். பிறகு எதற்குக் குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனை?

பிசிஓஎஸ் உள்ள பலரின் உடல், இன்சுலினின் சொல்லை முழுதாகக் கேட்பதில்லை. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. கருமுட்டை வெளிவருவது தடைபடுகிறது. பட்டினியில் கணையம் சமாளித்துவிடும். சர்க்கரை மொத்தமாக வந்து இறங்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

இரவு முழுக்கப் பட்டினி இருந்து, காலையில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தாள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் 156. 140க்குக் கீழே இருந்தால் இயல்பு, 200ஐத் தொட்டால் நீரிழிவு. அவள் நிற்பது நடுப்படியில். இறங்கிவர இன்னும் வழியிருக்கிறது.