கேமின் வேகத்தைத் தடுப்பது எது?

கணினி கேமில் திரையில் தோன்றும் ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு கட்டங்களைக் கடந்து வருகிறது. கேம் உலகில் அந்த நொடியில் யார் எங்கே நிற்கிறார், எது எதன் மேல் மோதுகிறது, எந்தெந்தப் பொருளை வரைய வேண்டும் என்று கணக்கிட்டு, வரைவதற்கான கட்டளைகளைத் தயாரிப்பது ப்ராசஸர். அந்தக் கட்டளைகளின்படி ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் கொடுத்துப் படமாக்குவது கிராபிக்ஸ் கார்டு. சித்தாள் கலவையைக் கொண்டுவந்து தரத் தரக் கொத்தனார் சுவரெழுப்புவதைப் போல, இரண்டும் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே ப்ராசஸர் அடுத்ததைத் தயாரிக்கிறது. ஆகவே நொடிக்கு எத்தனை ஃபிரேம் கிடைக்கும் என்பதை இருவரில் மெதுவானவர்தான் முடிவு செய்கிறார். ஒரு ஃபிரேமுக்கு ப்ராசஸர் 10 மில்லிவினாடியும் கார்டு 20 மில்லிவினாடியும் எடுத்தால், கிடைப்பது நொடிக்கு 50 ஃபிரேம். அந்த நிலையில் ப்ராசஸரை இரு மடங்கு வேகமானதாக மாற்றினாலும் அந்த 50 அப்படியேதான் இருக்கும்.

மெதுவானவர் யார் என்று கண்டுபிடிக்கப் பலரும் முதலில் திறப்பது விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை. அங்கே ப்ராசஸரின் பயன்பாடு 35 சதவீதம் என்று இருந்தால், அதற்கு இன்னும் நிறையத் தெம்பு இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தவறான முடிவு. அந்த எண் எல்லாக் கோர்களுக்கும் சேர்த்து எடுத்த சராசரி. கேமின் முக்கியமான வேலை ஒன்றிரண்டு திரெட்டுகளில் குவிந்துகிடக்கிறது. அவை மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கும்போது மற்ற கோர்கள் சும்மா இருக்கலாம். சராசரியும் குறைவாகவே தெரியும். கார்டின் பயன்பாட்டைப் பார்ப்பது இதைவிட நம்பகமானது. அது 97, 98 சதவீதத்தில் நிலையாக நின்றால், தடை பெரும்பாலும் கார்டுதான். 60, 70 என்று தொங்கினால் கார்டு எதற்கோ காத்திருக்கிறது என்று பொருள். எதற்காக என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் கேமுக்குள்ளேயே வரும் பெஞ்ச்மார்க் உதவுகிறது. ஒவ்வொரு முறையும் அதே காட்சி, அதே கேமரா அசைவு. ஆட்டக்காரர் இந்த முறை எந்தப் பக்கம் திரும்பினார் என்பதெல்லாம் அளவீட்டைக் கெடுக்காது.

இதற்கு மிகப் பொருத்தமான கேம் 2018-இல் வெளிவந்த ஷேடோ ஆஃப் தி டூம் ரைடர். அதன் பெஞ்ச்மார்க் மூன்று காட்சிகளை ஓட்டிக்காட்டும். கடைசிக் காட்சி, ஊர் மக்கள் நிறைந்த பைட்டிட்டி நகரம். அத்தனை பேரின் நடமாட்டத்தையும் கணக்கிட வேண்டியிருப்பதால் ப்ராசஸருக்கு அங்கேதான் சோதனை. முடிவில் வரும் பட்டியலில் மூன்று வரிசைகள் உண்டு. `CPU Game` என்பது கேம் உலகின் கணக்குகளை ப்ராசஸர் எவ்வளவு வேகமாக முடித்தது என்பது. `CPU Render` என்பது வரைவதற்கான கட்டளைகளைத் தயாரித்த வேகம். `GPU` என்பது கார்டு வரைந்த வேகம். மூன்றும் நொடிக்கு இத்தனை ஃபிரேம் என்ற கணக்கிலேயே இருக்கும். கூடவே `GPU Bound` என்று ஒரு சதவீதமும் வரும். ஓட்டத்தில் எவ்வளவு பங்கு கார்டினால் தடைபட்டது என்பதை அது சொல்கிறது. பல கேம்களின் பெஞ்ச்மார்க் வெறும் சராசரியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இப்படிப் பிரித்துக் காட்டுவதே இந்தக் கேமின் சிறப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு கணினியில் 1920x1080 ரெசல்யூஷனில் ஓட்டும்போது `CPU Game` 96, `CPU Render` 104, `GPU` 148, மொத்தச் சராசரி 92, `GPU Bound` 6% என்று வருவதாக வைத்துக்கொள்வோம். கார்டால் 148 ஃபிரேம் வரைய முடிகிறது. ப்ராசஸர் 96-க்கு மேல் தரவில்லை. தடை ப்ராசஸர்தான். ரெசல்யூஷனை மட்டும் 1280x720-க்குக் குறைத்து மறுபடி ஓட்டினால் இது உறுதியாகும். பிக்சல்கள் பாதிக்கும் கீழே குறைந்து, கார்டின் எண் 230-க்குத் தாவுகிறது. சராசரியோ 93-இலேயே நிற்கிறது. இப்போது மேலே ஏற்றலாம். 2560x1440-இல் கார்டின் எண் 98, சராசரி 84, `GPU Bound` 55%. இங்கே இருவரும் சமமாக நிற்கிறார்கள். சில காட்சிகளில் ப்ராசஸரும் சில காட்சிகளில் கார்டும் தடையாகின்றன. 3840x2160-இல் கார்டின் எண் 50, சராசரி 49, `GPU Bound` 100%. ப்ராசஸரின் எண்கள் நான்கு ஓட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்திருக்கும், ஏனென்றால் திரையில் எத்தனை பிக்சல் இருந்தாலும் ஊர் மக்களின் எண்ணிக்கை மாறுவதில்லை.

பிரித்துக் காட்டாத கேம்களிலும் இதே வழி செல்லும். ரெசல்யூஷனைக் குறைத்ததும் சராசரி நன்றாக ஏறினால் தடை கார்டு. அசையாமல் நின்றால் ப்ராசஸர். ஆனால் மாற்றுவது ரெசல்யூஷனை மட்டுமே. மொத்தமாக அல்ட்ராவிலிருந்து லோவுக்கு மாற்றினால் சோதனை கெட்டுவிடும். கூட்டத்தின் அடர்த்தி, எவ்வளவு தொலைவு வரை பொருள்கள் தெரியவேண்டும் என்பது, ரே டிரேசிங் ஆகியவை ப்ராசஸரின் வேலையையும் கூட்டுகின்றன. அவற்றையும் சேர்த்துக் குறைத்தபின் வேகம் கூடினால் அது யாரால் என்று சொல்ல முடியாது. திரையின் விகிதத்தையும் மாற்றக் கூடாது. 16:9-லிருந்து 21:9-க்குப் போனால் அகலமாகப் பல பொருள்கள் கூடுதலாகத் தெரியும். ப்ராசஸருக்கும் அது கூடுதல் வேலை.

அதிகம் ஏமாற்றுவது வேக வரம்பு. வி-சிங்க் இயங்கினாலோ டிரைவரில் ஃபிரேம் வரம்பு வைத்திருந்தாலோ, எந்த ரெசல்யூஷனிலும் 60 என்றே வரும். பார்ப்பவர் ப்ராசஸர்தான் தடை என்று நினைத்துவிடுவார். சராசரி 60, 75, 144 போன்ற வழவழப்பான எண்ணில் அசையாமல் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வரம்பைத்தான். அடுத்தது டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் போன்ற அப்ஸ்கேலிங். அவை உள்ளுக்குள் குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குகின்றன. செட்டிங்ஸில் 3840x2160 என்று இருந்தாலும் கார்டு வரைவது அதன் பாதி அகலமாக இருக்கலாம். சோதனை முடியும்வரை இவற்றை அணைத்துவைக்க வேண்டும். முதல் ஓட்டத்தில் ஷேடர் தயாரிப்பும் கோப்புகளைப் படிப்பதும் குறுக்கிடும் என்பதால் அதை விட்டுவிட்டு, அடுத்த ஓட்டங்களைக் கணக்கில் எடுப்பது நல்லது. லேப்டாப்பாக இருந்தால் சார்ஜர் செருகியிருக்க வேண்டும்.

ப்ராசஸர்தான் தடை என்று வந்தால் உடனே ப்ராசஸரை மாற்றக் கிளம்ப வேண்டியதில்லை. ஒற்றை ரேம் ஸ்டிக்கோடு ஓடும் கணினியில் ப்ராசஸருக்குத் தரவு வந்து சேர்வதே தாமதமாகிறது. பெஞ்ச்மார்க் அதையும் ப்ராசஸரின் மெதுவாகத்தான் காட்டும். இரண்டாவது ஸ்டிக் போட்டு இரட்டைச் சேனலாக்கிப் பார்ப்பது குறைந்த செலவில் முடியும். சூடேறி வேகம் குறைந்த ப்ராசஸரும் இதே அடையாளத்தைத்தான் தரும். கார்டு பக்கமும் இப்படி ஒன்று உண்டு. அதன் நினைவகம் நிரம்பிவிட்டால் சராசரியைவிடக் குறைந்தபட்ச எண் கடுமையாக விழும். அப்போது குறைக்க வேண்டியது டெக்ஸ்சர் தரம்.

மேலே சொன்ன கணினியை வைத்திருப்பவர் 1920x1080-இல் விளையாடினால், புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குவது வீண் செலவு. அந்தக் கார்டில் மிச்சமிருக்கும் சக்தியை வைத்து நிழல்களின் தரத்தையோ ரெசல்யூஷனையோ உயர்த்திக்கொள்ளலாம். வேகம் அவ்வளவாகக் குறையாது. 3840x2160-இல் விளையாடினால், புதிய ப்ராசஸர் வாங்குவது வீண். அப்ஸ்கேலிங்கை இயக்குவதே அங்கே முதல் மருந்து. மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் மட்டுமே காட்டும் என்றால், 1920x1080-இல் எதையும் வாங்க வேண்டியதில்லை. இந்தத் தீர்ப்பு இந்த ஒரு கேமுக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த கேமுக்கு அதன் பெஞ்ச்மார்க்கைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.