சீட்டு இருக்கிறது, பணம் இருக்கிறதா?

2009 ஜனவரியில் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், ஏடுகளில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றது. வணிகவியல் மாணவர்கள் குழம்பும் இரண்டு சொற்களின் வேறுபாடு இதில் தெளிவாகும்.

ஏட்டில் உள்ள பதிவுக்கு ஆதாரச் சீட்டு உண்டா என்று பார்ப்பது சான்றாய்வு. அந்தச் சொத்து ஆண்டு முடிவில் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது சரிபார்த்தல். சத்யத்தில் வங்கிச் சீட்டுகளே போலி. அதனால் சான்றாய்வு மட்டும் போதவில்லை.

வங்கி வைப்புத்தொகைக்குத் தேர்வில் எழுத வேண்டியவை:

சான்றாய்வு:
1. வைப்பு ரசீதில் நிறுவனத்தின் பெயர், தேதி, தொகையைப் பார்க்கவும்.
2. பணம் வெளியேறியதை வங்கி அறிக்கையில் பார்க்கவும்.
3. இயக்குநர் குழுவின் ஒப்புதலைப் பார்க்கவும்.

சரிபார்த்தல்:
1. இருப்பை உறுதிசெய்யக் கோரும் கடிதத்தைத் தணிக்கையாளரே வங்கிக்கு அனுப்பி, பதிலை நேரடியாகப் பெறவும்.
2. வைப்பின் மீது கடன் அடமானம் உண்டா என்று கேட்கவும்.
3. வட்டி வரவு, இருப்புக்கும் வட்டி விகிதத்துக்கும் பொருந்துகிறதா என்று கணக்கிடவும்.

பதில் நிறுவனத்தின் கை வழியாக வந்தால், அதை வங்கியின் சாட்சியமாக நம்ப முடியாது.