பானைக்குப் பின்னால் ரவுட்டர்

பொங்கலுக்கு முந்தைய நாள். கிராமத்து மளிகைக் கடை ஒன்றில், கல்லாவருகே மட்டும் வைஃபை விட்டுவிட்டு வந்தது. கடைக்காரர் கம்பெனிக்குப் போன் போடப் போனார். "அப்பா, முதல்ல லைட்டைப் பாருங்க" என்றாள் மகள். LOS என்ற விளக்கு சிவப்பாக எரியவில்லை. ஆகவே ஃபைபர் கேபிள் அறுந்திருக்க வாய்ப்பில்லை. ரவுட்டர் பக்கத்தில் போன் வேகமாக இயங்கியது, கல்லாவுக்கு வந்ததும் படுத்துவிட்டது. அப்படியானால் கோளாறு இடைவழியில்தான். பண்டிகைக்கு இறக்கிய பித்தளை, எவர்சில்வர் பானைகள் ரவுட்டரை மறைத்து நின்றன. உலோகம் ரேடியோ அலைகளைத் திருப்பியடித்துவிடும். அரிசி மூட்டை அந்த அளவுக்குத் தடுக்காது. ரவுட்டரைப் பானைகளுக்கு மேலே, சுவரில் மாட்டினார்கள். போனை 5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு மகள் மாற்றினாள். அதில் வேகம் குறைவு, ஆனால் சுவர் தாண்டியும் எட்டும். போனில் பணம் வாங்க அந்த வேகமே தாராளம்.